28-ஆவது கிலோமீட்டரில் காலியான கால்கள்

கேள்வி: எனக்கு வயது 43, எடை 72 கிலோ, செம்பூரில் வசிக்கிறேன். ஜனவரி மாத மும்பை மாரத்தானில் முதன்முறையாக முழுத் தூரம் ஓடினேன். அரை மாரத்தானில் என் சிறந்த நேரம் 1 மணி 52 நிமிடம் என்பதால், 3 மணி 55 நிமிடத்தை இலக்காக வைத்து, முதல் பாதியை 1 மணி 53 நிமிடத்தில் கடந்தேன். அதுவரை எளிதாகவே இருந்தது. 28-ஆவது கிலோமீட்டரில் கால்கள் கனத்தன. 30-இல் ஒரு சர்க்கரை ஜெல் எடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் பெடர் ரோடு ஏற்றத்தில், எதற்காக ஓடுகிறேன் என்பதே பிடிபடாமல் நின்றுவிட்டேன். மீதியை நடந்து 4 மணி 38 நிமிடத்தில் முடித்தேன். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் ஓடுகிறேன். பயிற்சியில் அதிகபட்சம் 24. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சோற்றைக் குறைத்து, இனிப்பையும் தவிர்க்கிறேன். என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையில் 5.5 வந்தது. லாக்டிக் அமிலம்தான் காரணம் என்கிறார் ஒரு நண்பர். உடலில் உள்ள கொழுப்பே பல மாரத்தான்களுக்குப் போதும், மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுக்கு மாறு என்கிறார் இன்னொருவர். எனக்கு மன உறுதிதான் போதவில்லையோ என்று தோன்றுகிறது. அடுத்த ஜனவரிக்கு என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள செம்பூர் வாசகருக்கு,

மன உறுதியைப் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ரத்தத்தில் சர்க்கரை குறையும்போது அதை முதலில் உணர்வது மூளை. தளராமல் ஓடு என்று காலுக்குக் கட்டளையிட வேண்டிய அதே உறுப்புதான் அந்த நேரத்தில் பட்டினியில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பந்தயத்தின் மருத்துவக் கூடாரத்தில் பணியில் இருந்தபோது, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து ஒரு ஜெல் உறையின் மூலையைக் கிழிக்க முயன்றுகொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். விரல்கள் உறையைப் பிடித்தன, ஆனால் எந்தப் பக்கம் இழுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பிரித்துக் கொடுத்து, தண்ணீரும் குடிக்கவைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். அதன் பிறகு தன் பந்தய எண்ணைச் சொன்னார், மனைவியின் தொலைபேசி எண்ணையும் பிசகாமல் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தில் அவருடைய மன உறுதி வளர்ந்துவிடவில்லை, மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். பெடர் ரோட்டில் உங்களுக்கு நேர்ந்ததையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

லாக்டிக் அமிலத்தையும் விட்டுவிடலாம். மாரத்தான் வேகத்தில் ரத்தத்தில் லாக்டேட் பெரிதாக ஏறுவதில்லை, உருவாகும் லாக்டேட்டைத் தசைகளும் இதயமும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய அளவுக்கு வந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள்களுக்குப் படி இறங்கும்போது வலிக்கும் வலி, தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது.

இரண்டு சேமிப்புகள், இரண்டு வகைத் தட்டுப்பாடு

நாம் உண்ணும் சோறும் இட்லியும் பழமும் குளுக்கோஸாக மாறி, அதில் ஒரு பகுதி கிளைகோஜன் என்ற வடிவில் உடலில் சேமிக்கப்படுகிறது. நன்றாகச் சாப்பிட்டிருக்கும் ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 80 முதல் 100 கிராமும், உடல் முழுவதிலும் உள்ள தசைகளில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராமும் இருக்கும். இவ்விரண்டும் ஒரே பொருள்தான் என்றாலும், பயன்படும் விதம் வேறு. தசையில் உள்ள கிளைகோஜன் அந்தந்த வீட்டு அரிசிப் பானையைப் போன்றது. அதை மறுபடி குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடத் தேவையான நொதி தசையில் இல்லை என்பதால், கையில் இருப்பது கைக்குத்தான். தொடை காலியானாலும் தோளிலிருந்து அங்கே கிளைகோஜன் போய்ச் சேராது. கல்லீரலில் உள்ளதோ ஊர்ப் பொதுக் குதிர். அங்கிருந்துதான் ரத்தத்துக்கும், அதன் வழியே மூளைக்கும் குளுக்கோஸ் இடைவிடாமல் அளந்து கொடுக்கப்படுகிறது. இரவு நாம் தூங்கும்போதும் இந்தக் குதிர் குறைந்துகொண்டே வரும். தசைப் பானை தூக்கத்தில் குறையாது.

தசைப் பானைகள் தனித்தனியானவை என்பது 1966-இல் ஸ்வீடனில் அழகாகக் காட்டப்பட்டது. பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் ஒரே நிலைமிதிவண்டியின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும் வரை மிதித்தார்கள். ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, மிதித்த காலில் கிளைகோஜன் ஏறத்தாழத் தீர்ந்திருந்தது, ஓய்ந்திருந்த காலில் அப்படியே இருந்தது. பிறகு மூன்று நாள்கள் மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டார்கள். மிதித்த காலில் மற்றதைவிட ஏறத்தாழ இரு மடங்கு கிளைகோஜன் சேர்ந்தது. உழைத்த தசையே கூடுதலாகச் சேமிக்கிறது என்ற இந்த உண்மைதான் பந்தயத்துக்கு முன் மாவுச்சத்தைக் கூட்டி உண்ணும் வழக்கத்துக்கு அடிப்படை.

கடிதத்தில் இரண்டு தட்டுப்பாடுகளின் அடையாளமும் இருக்கிறது. 28-ஆவது கிலோமீட்டரில் தெளிவான தலையோடு கால் மட்டும் கனத்தது, தொடை, கெண்டைத் தசைகளின் பானை அடிதட்டத் தொடங்கியதைக் காட்டுகிறது. ஏற்றத்தில் எண்ணம் குழம்பியது, கல்லீரல் குதிரும் தீர்ந்ததைக் காட்டுகிறது. இரண்டாவதைச் சர்க்கரை பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரிசெய்யும். முதலாவதை அன்றைய ஓட்டத்துக்குள் சரிசெய்ய வழியில்லை, ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும்போது உண்ணும் சர்க்கரை ரத்தத்திலிருந்து நேரே எரிக்கப்படுமே தவிர, தசையில் திரும்பக் கிளைகோஜனாகக் குறிப்பிடத்தக்க அளவில் சேராது. அதனால்தான் 30-இல் எடுத்த ஜெல்லால் கால் மீளவில்லை. ஓட்டக்காரர்கள் சுவரில் மோதுவது என்று சொல்வது இந்தத் தட்டுப்பாட்டைத்தான்.

உங்கள் ஓட்டத்தின் கணக்கு

சமதரையில் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு 72, முழுத் தூரமான 42.2 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3,000. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. மாறுவது, அதில் எவ்வளவு மாவுச்சத்திலிருந்தும் எவ்வளவு கொழுப்பிலிருந்தும் வருகிறது என்பதுதான். உடலின் உச்சத் திறனுக்கு நெருங்க நெருங்க மாவுச்சத்தின் பங்கு ஏறும்.

நீங்கள் முதல் பாதியை ஓடியது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 21 விநாடி என்ற வேகத்தில். அது உங்கள் அரை மாரத்தான் பந்தய வேகத்துக்கு ஒட்டியது. அந்த வேகத்தில் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு மாவுச்சத்திலிருந்து வந்தது என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 58 கிலோகலோரி ஆகிறது. ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 வீதம் பார்த்தால் 14.5 கிராம். சோற்றைக் குறைத்திருந்தவர் என்பதால் ஓடும் தசைகளில் 350 கிராமும், இரவு முழுதும் வெறும் வயிற்றோடு இருந்த கல்லீரலில் 50 கிராமும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 400-ஐ 14.5-ஆல் வகுத்தால் 27.6 கிலோமீட்டர். இவை ஆய்வகத்தில் அளந்த எண்கள் அல்ல, ஆளுக்கு ஆள் மாறும் மதிப்பீடுகள்தான். இருப்பினும் உங்கள் கால் எந்த இடத்தில் கனத்தது என்பதோடு இவை ஒத்துப்போகின்றன.

இனி அதே கணக்கைக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 55 விநாடி, அதாவது 4 மணி 10 நிமிடத்துக்குச் சற்று உள்ளே முடிக்கும் வேகத்தில் போட்டுப் பாருங்கள். மாவுச்சத்தின் பங்கு மூன்றில் இரண்டாக இறங்கினால், செலவு கிலோமீட்டருக்கு 12 கிராம். முழுத் தூரத்துக்கும் ஏறத்தாழ 500 கிராம். முன்கூட்டியே நிரப்பிய தசையில் 400, கல்லீரலில் 80, வழியில் உண்பது 170 என்றால், கையில் 650 இருக்கிறது. வெயில் ஏறினால் கிளைகோஜன் வேகமாகச் செலவாகும் என்பதாலும், அந்த ஏற்றம் கடைசியில்தான் காத்திருக்கிறது என்பதாலும், இந்த 150 கிராம் உபரியை ஆடம்பரமாக நினைக்கவேண்டாம்.

அரை மாரத்தான் நேரத்தை வைத்து முழு மாரத்தானின் நேரத்தைக் கணிக்கும் சூத்திரங்கள் 3 மணி 55 நிமிடம் என்று சொல்லியிருக்கலாம். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் ஒருவருக்கு அந்தக் கணிப்பு பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது. அரை மாரத்தான் முடியும் தூரத்தில் கிளைகோஜன் தீர்ந்துபோவதில்லை. எனவே அதில் எவ்வளவு நன்றாக ஓடினாலும், உங்கள் சேமிப்பு எங்கே முடியும் என்பதை அது சோதித்துப் பார்த்திருக்கவே இல்லை. எளிதாக இருந்ததாக நீங்கள் எழுதிய முதல் 21 கிலோமீட்டரில்தான் இந்தத் தட்டுப்பாடு உருவாகிக்கொண்டிருந்தது.

கீட்டோவும் பயிற்சியும்

உடலில் உள்ள கொழுப்பு பல மாரத்தான்களுக்குப் போதும் என்று உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் கொழுப்பிலிருந்து ஆற்றல் மெதுவாகத்தான் வரும். அதே அளவு ஆற்றலுக்கு மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனும் கூடுதலாக வேண்டும். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உலகத் தரத்திலான நடைப்போட்டி வீரர்கள் மூன்று வாரம் மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை மிகுதியாக உண்டு பயிற்சி செய்தார்கள். அவர்கள் கொழுப்பை எரிக்கும் திறன் வெகுவாக உயர்ந்தது. ஆனால் ஒரே வேகத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது, பயிற்சியால் மற்றக் குழுக்கள் பெற்ற முன்னேற்றமும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. நேரத்தைக் குறிவைத்து ஓடும் உங்களுக்கு நான் கீட்டோவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கொழுப்பைக் கூடுதலாக எரிக்க உடலைப் பழக்கும் வழி, தட்டில் உள்ளதை மாற்றுவதைவிட, மெதுவாக நீண்ட தூரம் ஓடுவதே. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் வாரக்கணக்காக ஓடும்போது தசைக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, நுண் ரத்தக்குழாய்கள் கூடுகின்றன, தசையின் கிளைகோஜன் கொள்ளளவும் உயர்கிறது. அதனால் இன்று மூச்சிரைக்கும் வேகம், நான்கு மாதத்துக்குப் பின் உச்சத் திறனில் குறைந்த விழுக்காடாகிவிடும். அதே வேகத்தில் பானையிலிருந்து எடுக்கும் அளவும் குறையும். ஆகஸ்டிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டி, நவம்பருக்குள் வாரத்துக்கு 55 கிலோமீட்டரை எட்டுங்கள். நீண்ட ஓட்டத்தை 24-இல் நிறுத்தாமல் 28, 30 என்று நான்கைந்து முறை ஓடுங்கள். அவற்றுள் இரண்டில் மட்டும் கடைசி 8 கிலோமீட்டரைப் பந்தய வேகத்தில் ஓடினால் போதும். எல்லா ஞாயிறும் வேகமாக ஓடுவது உங்கள் குழுவிலும் வழக்கமாக இருக்கலாம். அப்படி ஓடுவதால் களைப்பு சேர்கிறதே தவிர, நாம் தேடும் மாற்றம் பெரிதாக வருவதில்லை.

என்ன, எப்போது, எவ்வளவு

அப்பாவுக்கு உள்ள சர்க்கரை நோயை நினைத்து நீங்கள் எச்சரிக்கையாக இருப்பது நியாயமே. ஆனால் 5.5 என்பது இயல்பான அளவு. மேலும், ஓடும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மேசை முன் உட்கார்ந்து குடிக்கும் குளிர்பானத்தையும் 15-ஆவது கிலோமீட்டரில் எடுக்கும் ஜெல்லையும் உடல் ஒரே விதமாக நடத்துவதில்லை. அன்றாட உணவில் உங்கள் கட்டுப்பாட்டைத் தொடருங்கள்; நீண்ட ஓட்டத்திலும், பந்தயத்தை ஒட்டிய மூன்று நாள்களிலும் மட்டும் அதைத் தளர்த்துங்கள். ஆண்டுக்கொருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் வாசகர்கள் இந்த அளவுகளைத் தங்கள் மருத்துவரிடம் காட்டாமல் பின்பற்ற வேண்டாம்.

பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாள்களில், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 8 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும்; உங்களுக்கு அது ஏறத்தாழ 575 கிராம். சமைத்த சோறு 200 கிராமில் ஏறத்தாழ 55 கிராம்தான் இருக்கிறது என்பதால், ஒரே வேளையில் வயிறு முட்ட உண்பதால் இந்த அளவை எட்ட முடியாது. காலையில் இட்லியும் தேனும், நடுவில் வாழைப்பழமும் பழச்சாறும், மதியம் ரசம் சாதம், மாலையில் ரொட்டியும் ஜாமும், இரவு தயிர் சாதம் என்று பிரித்து உண்ணுங்கள். எண்ணெய், தேங்காய், கீரை, சுண்டல் ஆகியவற்றை அந்த இரண்டு நாளும் குறைத்துக்கொண்டால், மாவுச்சத்துக்கு வயிற்றில் இடம் கிடைக்கும். எடை ஒரு கிலோ அல்லது அதற்கு மேலும் ஏறக்கூடும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்ந்து தங்குவதே காரணம், பதறவேண்டாம். முன்பு பரிந்துரைக்கப்பட்டதைப் போல முதலில் மாவுச்சத்தைத் தவிர்த்துக் கடுமையாக உழைத்துத் தசையை வற்றவைக்கும் கட்டம் தேவையில்லை.

விடியலுக்கு முன்பே ஓட்டம் தொடங்குவதால் வெறும் வயிற்றோடு புறப்படும் பழக்கம் பலரிடமும் இருக்கிறது. இரவில் குறைந்த கல்லீரல் இருப்பை நிரப்ப இருக்கும் ஒரே வாய்ப்பு அந்தக் காலை உணவுதான். தொடக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் முன் எழுந்து, நான்கு இட்லி, ஒரு வாழைப்பழம், சர்க்கரை போட்ட காபி என்று 80 கிராமுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். சட்னியும் எண்ணெய் குழைத்த பொடியும் அன்று வேண்டாம்.

ஓட்டத்தில் முதல் ஜெல்லை 40-ஆவது நிமிடத்திலேயே எடுங்கள், பசி வரும்வரை காத்திருக்காதீர்கள். பெரும்பாலான ஜெல் பொட்டலங்களில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். அரை மணிக்கு ஒன்று வீதம் எடுத்தால் மணிக்கு 40 முதல் 50 கிராம் வரும். குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் மணிக்கு ஏறத்தாழ 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் குடலில் வேறு வழியே நுழைவதால், இரண்டும் கலந்த ஜெல்லில் 90 வரை முடியும். ஆனால் உங்களுக்கு 50-ஏ போதும். ஒவ்வொரு ஜெல்லுக்கும் தண்ணீர் குடியுங்கள். இனிப்பு பானத்தோடு சேர்த்து எடுத்தால், அடர்த்தி மிகுந்து வயிறு பொருமும். குடலும் பயிற்சியால் பழகும் உறுப்பு என்பதால், செப்டம்பரிலிருந்தே நீண்ட ஓட்டங்களில் மணிக்கு 30 கிராமில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பந்தயத்தன்று புதிய ஜெல் எதையும் முயல வேண்டாம்.

சுவர் அல்லாதவை

மாரத்தானின் கடைசிப் பகுதியில் வரும் எல்லாத் தளர்ச்சியும் கிளைகோஜன் தட்டுப்பாடு ஆகாது. நெஞ்சில் இறுக்கமோ வலியோ, திடீர் மயக்கமோ வந்தால் ஜெல்லைத் தேடாமல் உடனே நின்று உதவி கேட்க வேண்டும். குழப்பத்தோடு வாந்தி, தலைவலி, விரலில் மோதிரம் இறுகும் அளவுக்கு வீக்கம் ஆகியவை சேர்ந்தால், தேவைக்கு மேல் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் மேலும் தண்ணீர் குடிப்பது ஆபத்து. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வில், ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், ஒவ்வொரு மேசையிலும் குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சர்க்கரை கொடுத்துப் பதினைந்து நிமிடம் ஆகியும் குழப்பம் தெளியவில்லை என்றால், அது மருத்துவக் கூடாரத்தில் பார்க்க வேண்டிய நிலை.

4 மணி 10 நிமிடம் என்ற இலக்கும் என் மதிப்பீடுதான். அதை டிசம்பர் தொடக்கத்தில் சோதித்துவிடலாம். ஒரு ஞாயிறு அதிகாலை, பந்தயத்தன்று உண்ணப்போகும் அதே காலை உணவை உண்டு, அதே ஜெல்லை அதே இடைவெளியில் எடுத்து, மரைன் டிரைவில் 30 கிலோமீட்டர் ஓடுங்கள். முதல் 18-ஐ மெதுவாகவும், மீதி 12-ஐ 5 நிமிடம் 55 விநாடி வேகத்திலும் ஓடுங்கள். அந்த 12 கிலோமீட்டரின் இறுதியில் ஒரு முழு வாக்கியத்தைத் தடங்கலின்றிப் பேச முடிந்து, வேகமும் குறையாமல் இருந்தால் 4 மணி 10 உங்களுக்குரியதே. 25-ஐத் தாண்டும்போதே வேகத்தைத் தக்கவைக்கப் போராட வேண்டியிருந்தால், ஜனவரியில் முதல் பாதியை 2 மணி 10 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடுங்கள். கால்கள் அப்போதும் உறுதியாக இருந்தால், ஏற்றம் இறங்கிய பிறகு வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.